லோபுச்சேயில் ஒரு நேர்கோடு: உயரத்தில் தலைவலி வந்தால் நிற்பதா, மாத்திரை போடுவதா, இறங்குவதா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஷூ, ஜாக்கெட், முழங்கால் வலி பற்றித்தான். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், உயரம் உடம்பை என்ன செய்யும் என்று நமக்குப் பழக்கமில்லை. நேபாளத்தில் விமானம் இறக்கிவிடும் லுக்லாவே 2,860 மீட்டர். அதாவது நம் ஊர் உச்சியைத் தாண்டிய இடத்தில்தான் நடையே ஆரம்பிக்கிறது.

காற்றில் என்ன குறைகிறது

மேலே போகப் போக ஆக்சிஜன் விகிதம் குறைவதாகப் பலர் நினைக்கிறார்கள். மெரினாவிலும் சரி, 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமிலும் சரி, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அடிவார முகாமில் அது கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கீழே ஒரு மூச்சில் ஒரு டம்ளர் ஆக்சிஜன் கிடைத்தால், அங்கே அதே மூச்சுக்கு அரை டம்ளர்தான் வரும்.

உடம்பு இதைச் சமாளிக்க வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயுவும் அதிகமாக வெளியேறும். ரத்தத்தில் லேசான அமிலத்தன்மையைத் தருவது அந்த வாயுதான். அது குறைந்ததும் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. உடனே மூளை, "போதும், மெதுவாக மூச்சு விடு" என்று பிரேக் போடுகிறது. ஆக்சிஜன் பற்றாக்குறை ஆக்சிலேட்டரை மிதிக்கிறது, கரியமில வாயுக் குறைவு பிரேக்கை மிதிக்கிறது.

இந்த இழுபறி நன்றாகத் தெரிவது தூக்கத்தில். அங்கே விடுதி அறைகளுக்கு நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான் இருக்கும். பக்கத்து அறைக்காரர் நாலைந்து முறை பெரிதாக மூச்சு வாங்குவார், பிறகு சத்தமே இருக்காது. ஆள் போய்விட்டாரோ என்று நாம் எழுந்து உட்காரும்போது, 'ஹா' என்று இழுத்து மறுபடி ஆரம்பிப்பார். உங்களுக்கும் அப்படி நடுவில் முட்டி விழிப்பு வரும். இது மட்டும் இருந்தால் நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

பிரேக்கை எடுத்துவிடுவது சிறுநீரகம். கூடுதலாக இருக்கும் காரத்தை அது சிறுநீரோடு வெளியேற்றுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். 'உயரத்துக்குப் பழகுவது' என்பதில் முதல் சில நாட்களில் நடக்கும் பெரிய வேலை இதுதான். சிறுநீரகத்துக்கு அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறினால்தான் மலைநோய் வருகிறது. மாரத்தான் ஓடுகிறவரின் சிறுநீரகம் இதில் வேகமாக வேலை செய்வதில்லை. சொல்லப்போனால் உடல்தகுதி உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

பயணத் திட்டத்தில் படுக்கும் உயரத்தை எழுதுங்கள்

முகவர் தரும் அட்டவணையில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று இருக்கும். அதன் ஓரத்தில் நீங்களே ஒவ்வொரு இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தை எழுதுங்கள். பகலில் எவ்வளவு ஏறுகிறீர்கள் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டாவது இரவும் தங்க வேண்டும்.

வழக்கமான பாதையில் இதைப் போட்டுப் பாருங்கள். ஃபாக்டிங் 2,610. நாம்சே பஜார் 3,440, அங்கே இரண்டு இரவு. டெங்போச்சே 3,860. டிங்போச்சே 4,410, அங்கேயும் இரண்டு இரவு. லோபுச்சே 4,940. கோரக்ஷெப் சுமார் 5,160. ஃபாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர் ஏறுகிறோம். டெங்போச்சே – டிங்போச்சே 550. டிங்போச்சே – லோபுச்சே 530. எல்லோரும் போகும் இந்த அட்டவணையே அங்கங்கே விளிம்பைத் தாண்டுகிறது. அதைச் சரிக்கட்டுவது அந்த இரண்டு ஓய்வு இரவுகள் மட்டும்தான். "ஒரு நாள் மிச்சம் பிடிக்கலாம்" என்று முகவர் அதில் ஒன்றை வெட்டினால், வேறு முகவரைப் பாருங்கள்.

ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் கிடப்பதும் இல்லை. டிங்போச்சேயில் ஊருக்குப் பின்னாலுள்ள நங்கர்ட்சாங் மேட்டில் முடிந்தவரை ஏறிவிட்டு, இரவு கீழே வந்து தூங்குவார்கள். உயரே போய்த் தாழ வந்து படுப்பது உடம்பைப் பழக்கும்.

தலைவலி எப்போது 'வெறும் தலைவலி' இல்லை

புதிய உயரத்துக்கு வந்த 6 முதல் 12 மணி நேரத்தில், பெரும்பாலும் முதல் இரவில், தலைவலி தொடங்கும். அதோடு பசியின்மை அல்லது குமட்டல், வழக்கத்துக்கு மீறிய அசதி, கிறுகிறுப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயில்ல நடந்தேன், தண்ணி சரியா குடிக்கல, கேஸ் டிரபிள்" என்று காரணம் தேடாதீர்கள். இல்லை என்று உறுதியாகும்வரை அது மலைநோய்தான்.

செய்ய வேண்டியது எளிது, மனசுக்குத்தான் கஷ்டம்: அன்றும் மறுநாளும் மேலே ஏறக் கூடாது. இருக்கும் இடத்திலேயே இருங்கள். தலைவலிக்கு பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ போடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் மந்தமாக்கும், தொடாதீர்கள். தாகத்துக்கேற்பத் தண்ணீர் குடியுங்கள். லிட்டர் லிட்டராகக் குடித்தால் மலைநோய் வராது என்பது கட்டுக்கதை, ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு வம்பு வரும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். முழுக்கச் சரியானபின் ஏறலாம். ஓரிரு நாளாகியும் குறையாவிட்டால், அல்லது இருந்த இடத்திலேயே அதிகமானால், இறங்க வேண்டும்.

மாத்திரை போட்டுத் தலைவலியை அடக்கிக்கொண்டு மறுநாள் ஏறுவதுதான் ஆபத்து. அதை நான் நேரில் பார்த்தேன்.

எங்கள் ஏழாம் நாள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். மூத்தவர் 46 வயது, தினமும் 10 கிலோமீட்டர் ஓடுபவர். முதல் நான்கு நாளும் அவர்தான் முன்னால் போனார். டிங்போச்சேயில் இரண்டாம் இரவு தால்பாத் தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்தார். கேட்டதற்கு, "தினமும் பருப்பும் சோறும்தானே தம்பி, அலுத்துப்போச்சு" என்றார். நானும் விட்டுவிட்டேன். அன்று மாலையிலிருந்தே தலைவலி இருந்ததும், இரண்டு பாராசிட்டமால் போட்டதும் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் லோபுச்சேக்கு நடந்தபோது கடைசியாக வந்தவர் அவர். துக்லாவுக்கு மேலே மலையேறி இறந்தவர்களுக்கான நினைவுக் கல்மேடுகள் இருக்கும் இடத்தில் எல்லோரும் நின்று பார்த்தோம். அவர் தலையைத் தூக்கவே இல்லை. மதியம் ஒரு மணிக்கு விடுதிக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஆறு மணிக்கு வாந்தி. எழுப்பி உட்காரவைத்தேன். ஜாக்கெட் ஜிப்பைப் பொருத்த முயன்று கொண்டே இருந்தார், இரண்டு முனையும் சேரவில்லை.

"அண்ணே, இன்னிக்கு எங்க தூங்குறோம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நாம்சே" என்றார்.

வழிகாட்டி எதுவும் பேசவில்லை. உணவுக்கூடத்தின் பலகைத் தரையில் இரண்டு பலகை சேரும் நீளக் கோட்டைக் காட்டினார். ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலில் ஒட்டி ஒட்டி வைத்து அந்தக் கோட்டிலேயே நடக்கச் சொன்னார். யாக் சாணி எரியும் அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். இரண்டு அடி சரியாக வைத்தார். மூன்றாவது அடியில் குடித்தவர் போல ஒருபக்கம் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "தரை வழுக்குதுப்பா."

"இப்பவே கீழே, சார். காலை இல்லை" என்றார் வழிகாட்டி.

மலைநோய் மூளை வீக்கமாக மாறுவதன் அடையாளம் இந்த இரண்டும்தான்: நடை தள்ளாடுவது, புத்தி தடுமாறுவது. இரண்டில் ஒன்று வந்தாலே போதும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்து மயக்கம், அதற்கடுத்து மரணம், சில மணி நேரத்திலேயே நடக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளாததே நோயின் ஒரு பகுதி. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தனியாக இறங்கவும் விடாதீர்கள்.

எங்கள் மருந்துப் பையில் டெக்சாமெத்தசோன் இருந்தது. கிளம்பும் முன் எங்கள் ஊர் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி முதலில் 8 மில்லிகிராம், பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம். முதல் அளவைக் கொடுத்து, இரண்டு சுமைதூக்கிகள் இரு பக்கமும் தாங்க, ஏழு மணிக்கு ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கிளம்பினோம். இருட்டில் ஹெலிகாப்டர் வராது, பிற்பகல் மேகத்திலும் அதை நம்ப முடியாது. துக்லா தாண்டி ஃபெரிச்சே வந்தபோது மணி பதினொன்றரை. சுமார் 600 மீட்டர் இறங்கியிருந்தோம். ஃபெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவ நிலையம் 1973 முதல் இருக்கிறது. வசந்தகால, இலையுதிர்காலப் பருவங்களில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே இருப்பார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். விடிகாலையில் கண் விழித்து, "ஏன் இங்க வந்துட்டோம்?" என்றார். அந்தக் கேள்வி கேட்கும் தெளிவு வந்ததே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு நாங்கள் இருவரும் லுக்லாவை நோக்கி இறங்கினோம். மூளை வீக்கம் வந்தவர், டெக்சாமெத்தசோன் போட்டுத் தெளிந்துவிட்டார் என்று அதே பயணத்தில் மேலே கூட்டிப்போகக் கூடாது. அந்த மருந்து அறிகுறியை அடக்கும், உடம்பை உயரத்துக்குப் பழக்காது. இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

நுரையீரல் வேறு மாதிரி மோசம் செய்யும்

இன்னொரு ஆபத்து நுரையீரலில் நீர் கோப்பது. தலைவலியே இல்லாமலும் வரும் என்பதால் ஏமாற்றிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. சுருங்காத பகுதிகளில் ரத்தம் அழுத்தத்தோடு பாய்ந்து, நீர் கசிந்து காற்றறைகளுக்குள் போய்விடுகிறது. புதிய உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள்தான் பெரும்பாலும் வரும்.

ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். வித்தியாசம் ஓய்வில்தான் தெரியும். பத்து நிமிடம் உட்கார்ந்தபின்னும் மூச்சு அடங்கவில்லையா, நேற்றுவரை கூடவே வந்தவர் இன்று நாலு அடிக்கு ஒருமுறை நிற்கிறாரா, வறட்டு இருமல் தொடங்கியிருக்கிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். உதடு நீலமாவதும், இளஞ்சிவப்பு நுரையோடு சளி வருவதும் முற்றிய நிலை. அதுவரை காத்திருக்காதீர்கள். இந்தப் பாதை போகும் கும்பு பள்ளத்தாக்கின் குளிர்ந்த வறண்ட காற்றில் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே இருமலை விட, சும்மா இருக்கும்போது மூச்சிரைப்பதையே நம்புங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இதற்கு ஓரளவு உதவும். லோபுச்சே உயரத்தில் நலமாக இருப்பவருக்கே எண்பதுகளில் காட்டும், ஊரில் அந்த எண்ணைப் பார்த்தால் ஐ.சி.யூ.வில் சேர்த்துவிடுவார்கள். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம். எல்லோரும் கையைத் தேய்த்துச் சூடாக்கியபின் பாருங்கள். மற்றவர்களைவிட ஒருவருக்கு மட்டும் வெகுவாகக் குறைந்திருந்து, ஓய்விலும் மூச்சு வாங்கினால், சந்தேகப்படுங்கள். எண் நன்றாக இருக்கிறதே என்று தலைவலிக்காரரை ஏற்றிவிடவும் கூடாது.

இதற்கும் மருந்து இறக்கம்தான், ஆனால் நடத்தி இறக்குவதில் கவனம் வேண்டும். உழைப்பு அந்த ரத்தக்குழாய் அழுத்தத்தை இன்னும் ஏற்றும். குதிரை கிடைத்தால் குதிரை, இல்லையென்றால் முதுகில் சுமந்து. அவருடைய பையை வேறு யாராவது தூக்கட்டும், குளிராமல் போர்த்துங்கள். ஆக்சிஜன் கிடைத்தால் அதுதான் முதல் சிகிச்சை. ஆக்சிஜனும் இல்லை, இறங்கவும் வழியில்லை என்ற நிலையில் மருத்துவர்கள் நிஃபெடிபின் கொடுப்பார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, நீங்களாக விளையாட வேண்டாம்.

எவ்வளவு இறங்குவது? 300 மீட்டரிலேயே சிலருக்குத் தெளியும், சிலருக்கு 1,000 மீட்டர் வேண்டியிருக்கும். அறிகுறி போகும்வரை இறங்குங்கள். கடைசியாக நன்றாகத் தூங்கி எழுந்த ஊர் எதுவோ, அதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

டயமாக்ஸ்: அரை மாத்திரை என்ன செய்கிறது

அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ். முன்னே சொன்ன பிரேக் நினைவிருக்கிறதா? சிறுநீரகம் சில நாட்கள் எடுத்துச் செய்யும் காரம் நீக்கும் வேலையை இந்த மாத்திரை ஒரு நாளுக்குள் தொடங்கவைக்கிறது. பிரேக் தளர்ந்து மூச்சு தாராளமாகிறது, அந்த நள்ளிரவு மூச்சுமுட்டலும் குறைகிறது. இது அறிகுறியை மூடி மறைப்பதில்லை. டயமாக்ஸ் போட்டும் தலைவலி இருந்தால், அந்தத் தலைவலி உண்மை.

தடுப்புக்குப் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும். நம் கடைகளில் 250 மில்லிகிராம் மாத்திரை கிடைப்பதால் அரை அரையாக. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும், உச்ச உயரத்தை அடைந்து ஓரிரு நாள்வரை, அல்லது இறங்கத் தொடங்கும்வரை தொடர வேண்டும். வந்துவிட்ட மலைநோய்க்கு 250 மில்லிகிராம், இருவேளை. கூடவே ஏற்றத்தை நிறுத்த வேண்டும். மெதுவாக ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் இது தேவையில்லை. முன்பு மலைநோய் வந்தவர்களும், அட்டவணை நெருக்கமாக உள்ளவர்களும் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்ப்பது நல்லது. விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா வகைகள் சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல.

சூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கயிலாய யாத்திரை போகிறவர்கள் பலர் கைக்குட்டையில் முடிந்து முகர்ந்துகொண்டே நடப்பார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விழுங்கினால் வலிப்பு வரும். டியோடரன்ட் டப்பா மாதிரி விற்கும் ஆக்சிஜன் ஸ்பிரேயில் சில நிமிடத்துக்குத்தான் காற்று. விடுதிகளில் தரும் பூண்டு சூப் நல்ல சூப்.

மாலை நேர விசாரணை

இப்போது நான் போகும் குழுக்களில் நாம்சேயிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சடங்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் அன்று போட்ட மாத்திரைகளை உரக்கச் சொல்ல வேண்டும், பாராசிட்டமால் உட்பட. தட்டில் மிச்சம் வைத்தவர் காரணம் சொல்ல வேண்டும். பிறகு பலகைக் கோட்டில் பத்தடி நடக்க வேண்டும். முதல் நாள் சிரிப்பாக இருக்கும், லோபுச்சேயில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அட்டவணையில் இரண்டு நாள் உபரியாக வைப்பதும், காப்பீடு 5,500 மீட்டருக்கு மேலும் ஹெலிகாப்டர் மீட்பை ஏற்கிறதா என்று பத்திரத்தில் படித்துப் பார்ப்பதும் கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டியவை.

அண்ணன் இரண்டு வருடம் கழித்து மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை டிங்போச்சேயில் மூன்று இரவு. அங்கிருந்து நேரே லோபுச்சேக்குப் போகாமல் நடுவில் 4,620 மீட்டரில் துக்லாவில் ஒரு இரவு. அந்த 530 மீட்டர் 210, 320 என்று பிரிந்துவிட்டது. கூடவே காலையும் மாலையும் அரை டயமாக்ஸ். நாம்சேயில் ஒரு கோக் வாங்கி ஒரு வாய் குடித்தவர், "கேஸே இல்ல, பழசைக் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினார். என்னிடம் நீட்டினார். குடித்துப் பார்த்தேன், மூக்கில் ஏறும் அளவுக்கு கேஸ் இருந்தது.